பதினேழு வருஷம் ஒரே டிபார்ட்மெண்ட்: இருப்பதா, உள்ளேயே மாறுவதா, வெளியே போவதா?

சேலம் சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களில் நாற்பதைத் தாண்டிய மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கேள்விதான். வேலை அத்துப்படி. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ஆனால் புது ஜி.எம். மீட்டிங்கில் ஏதாவது ஆரம்பித்தாலே உதட்டோரம் ஒரு கேலிச் சிரிப்பு வந்துவிடுகிறது. "இருக்கறத வெச்சு ஓட்டிரலாமா, இல்ல இப்பவே கெளம்பிரலாமா?" என்று டீக்கடையில் பேச்சு வரும்போது ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

கணக்கு போட ஒரு ஆள் வேண்டும். வயது 44, ஓமலூர் பக்கத்து மில் ஒன்றில் 17 வருஷமாக நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்களின் பராமரிப்பு, மொத்தச் சம்பளம் 34,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 20,800 என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீடு, மகள் பிளஸ் ஒன். பெருந்துறை பக்கம் இன்னொரு மில் அதே வேலைக்கு 42,000 தருகிறேன் என்கிறது. ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காபி நிலம் வாங்கிப் போடலாம் என்று மச்சான் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில், இது சோர்வா கசப்பா?

வேலைச் சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்தார். உடலும் மனசும் தீர்ந்துபோவது ஒன்று. வேலையிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் மனசு விலகி, எதைப் பார்த்தாலும் கேலியாகத் தோன்றுவது இரண்டாவது. நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்று கை தளர்வது மூன்றாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதே மூன்றை வைத்துத்தான் வேலைச் சோர்வை வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், எது இருக்கிறது என்று தெரியாமல் மில்லை மாற்றுவது வீண் செலவு.

மில்லில் இதைக் கண்டுபிடிக்க பிரேக்டவுன் ரெஜிஸ்டரே போதும். கடைசி மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் "டேப் லூஸ்", "டேப் லூஸ்" என்றே வரிசையாக இருந்தால், ஸ்பிண்டில் டேப் ஏன் திரும்பத் திரும்பத் தளர்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்து காட்ஸ் பஃபிங் அட்டவணை. டாப் ரோலர் ரப்பரை லேசாகத் தேய்த்துவிட்டு விட்டத்தை அளந்து எழுத வேண்டும். எல்லா ரோலருக்கும் ஒரே அளவு எழுதியிருந்தால், அளக்காமலே டிக் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூலின் சீரின்மையைக் காட்டும் யூ பெர்சென்ட் ஏறி, இழை அறுவது கூடும்போது லேபில் தெரியும். அதற்கு முன்பே பேனா காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வெறும் சோர்வு என்றால் லீவில் தெளியும். பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ ஒரு வாரம் போய்விட்டு வந்த பிறகு இரண்டு மூன்று வாரமாவது வேலை இலகுவாக ஓடினால், பிரச்சினை நைட் ஷிஃப்டும் ஆள் பற்றாக்குறையும்தான். திரும்பி வந்த முதல் ஷிஃப்டிலேயே அதே கேலி வந்துவிட்டால் அது கசப்பு. லீவிலும் தூக்கமில்லை, வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் வேலையைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றும் இதே முகத்தோடு வரும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம்.

நம்ம ஆளுக்கு இருப்பது கசப்பு என்று வைத்து மேலே போவோம்.

அதே வேலை, வேறு மில்

கையில் 8,000 கூடுதல் என்பது காகிதத்தில். மகள் படிப்புக்காகக் குடும்பம் சேலத்திலேயே இருக்கும். பெருந்துறையில் ரூம் 3,500, மெஸ் 4,500, வாராவாரம் வந்துபோக மாதம் 1,000 என்று வைத்தால் 9,000. மாதம் ஆயிரம் நஷ்டத்துக்கு வீட்டை விட்டுப் போவதாக ஆகிறது. மில் குவார்ட்டர்ஸும் கேன்டீனும் தந்தால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும். அதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. வேலைவாழ்க்கைத் தேக்கத்தைப் பற்றி ஜூடித் பார்ட்விக் 1980-களில் பிரித்துக் காட்டிய வகைகளில் இரண்டு இங்கே முக்கியம்: மேலே பதவி இல்லாததால் வரும் தேக்கம், வேலையில் கற்க எதுவும் மிச்சமில்லாததால் வரும் தேக்கம். இவருக்கு இருப்பது இரண்டாவது. பெருந்துறையிலும் அதே ரிங் ஃபிரேம், அதே டிராவலர் மாற்றம், அதே காட்ஸ். வேலை மாறிய மேலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வு (போஸ்வெல் குழுவினருடையது), மாறியதும் திருப்தி ஏறுவதையும் பிறகு இறங்கிவிடுவதையும் காட்டியது. புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் கவனிப்பு போலத்தான். மேலதிகாரியின் அநியாயமோ, ஆள்பார்த்துக் கொடுக்கும் இன்கிரிமெண்டோ கசப்புக்குக் காரணம் என்றால் மில்லை மாற்றுவது சரியான மருந்து. வேலையே சலித்துப்போனதுதான் காரணம் என்றால் இது மருந்தே இல்லை.

மில் மாற வேண்டாம் என்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் மட்டும் தப்பு. "கிராஜுவிட்டி போயிரும்ப்பா" என்பார்கள். போகாது. 20,800-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 800. 15 நாளுக்கு 12,000. 17 வருஷத்துக்கு 2,04,000 கையில் வரும். 58 வரை இங்கேயே இருந்து, அப்போது பேசிக்கும் டி.ஏ.வும் 36,400 ஆகியிருந்தால் 31 வருஷத்துக்கு 6,51,000. மாறினால் புது மில்லின் 14 வருஷத்துக்கு, அதே 36,400 என்று வைத்தால் 2,94,000. பார்த்த உடனே ஒன்றரை லட்சம் குறைகிறது. ஆனால் முதலில் வந்த 2,04,000-ஐ 7 சதவீத வட்டியில் 14 வருஷம் தொடாமல் போட்டால் அது ஏறக்குறைய 5,26,000 ஆகும். இரண்டும் சேர்ந்து எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது. நடைமுறையில் அந்தப் பணம் மொட்டைமாடி கான்கிரீட்டாக மாறிவிடும் என்பது வேறு விஷயம். அப்படிச் செலவாகும் வீடு என்றால் பழைய பயம் நியாயம்தான்.

பென்ஷனும் அப்படியே. பத்து வருஷ சர்வீஸ் முடிந்துவிட்டதால் இ.பி.எஸ். உரிமை போகாது. பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என்.-இல் புது மில்லுக்கு மாற்றிக்கொண்டால் சர்வீஸ் தொடரும். மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று: பழைய மில் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டால் டிரான்ஸ்ஃபர் நகராது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, யு.ஏ.என். போர்ட்டலில் `Manage` பகுதியில் `Mark Exit` வழியாகத் தொழிலாளியே பதியலாம்.

ஏற்காட்டுக் கனவு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரபிகா நட்டு முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு வருஷம். சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகும் கிட்டத்தட்ட அதே கால அளவில்தான் தலைகாட்டும். பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. பனிக்காலத்தில் சுற்றுச் சுற்றாகப் பறிக்க ஆள் வேண்டும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்த செடியை நேரத்துக்குப் பிடுங்கி அழிக்காவிட்டால் பக்கத்துச் செடிக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் முதலாளிக்கு இது அமையாது. சம்பளத்துக்கு மாற்றாக இதை எண்ண வேண்டாம். ஆர்வம் இருந்தால், வேலை செய்துகொண்டே யாராவது தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு பறிப்புப் பருவம் முழுக்கப் போய்ப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

இருந்துவிடுவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்களோடு உடன்பட முடியவில்லை. காட்ஸை இன்னமும் அளந்து எழுதுகிறவர், ஜூனியர் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதவர், ஆறு மணிக்கு மில்லை மறந்துவிட்டு மகளின் கணக்குப் பாடத்தில் உட்காருகிறவர் நிறைவோடுதான் இருக்கிறார். அவரைக் கிளப்பிவிட வேண்டியதில்லை. சொந்த வீடு, சர்க்கரை மாத்திரை, மில் தரும் குரூப் இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்மையான எடை உள்ளவை. வெளியே போய்த் தனியாக ஹெல்த் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம்.

நிறைவும் கசப்பும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும், இரண்டு பேரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்பதால். ரெஜிஸ்டரைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நம்ம ஆளின் ரெஜிஸ்டர் "டேப் லூஸ்" ரெஜிஸ்டர். அதனால் அவருக்கு இது பொருந்தாது.

உள்ளேயே மாறுவது

இந்த ஆளுக்கு இதைத்தான் முதலில் முயலச் சொல்வோம். மில்லுக்குள் கற்க இடமுள்ள வேலைகள் உண்டு: கம்ப்ரெசரும் கரண்ட் செலவும், டெஸ்டிங் லேப், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் புது ஆட்களுக்குப் பயிற்சி. தடையாக நிற்பது முதலாளியின் ஒரே வாக்கியம்: "நீங்க இல்லாம அந்த டிபார்ட்மெண்ட் ஓடாதுங்களே." பாராட்டாகச் சொல்லப்பட்டாலும் பூட்டு அதுதான். சம்பளம் கூடக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும்.

அதற்கு எட்டு வாரம் ஒதுக்கலாம். முதல் இரண்டு வாரத்தில் ரெஜிஸ்டரிலிருந்து அடிக்கடி வரும் மூன்று பழுதுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதை முதலில் பார்ப்பது, எந்த ஸ்பேர், எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கம் எழுதுவது. அடுத்த நான்கு வாரம் ஒரு ஃபிட்டரை அந்த மூன்றையும் தனியாகச் செய்யவிட்டுப் பக்கத்தில் நிற்பது. இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள்: அவன் தடுமாறியதும் ஸ்பேனரைப் பிடுங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள். கடைசி இரண்டு வாரம் அந்த மூன்று பழுதுக்கும் போனே எடுக்காமல் இருந்து, மெஷின் நின்ற நேரம் கூடியதா என்று குறித்து வைப்பது.

பிறகுதான் முதலாளியிடம் போக வேண்டும், கையில் ஒரே ஒரு தாளோடு. சலிப்பு என்ற பேச்சே கூடாது. "அண்ணாச்சி, ரிங் ஃபிரேம்ல இந்த மூணு வேலையை இப்ப தம்பி பாத்துக்கறான், நின்ன நேரம் ஏறல. அதுல மிச்சமாகற ரெண்டு மணி நேரத்துல கம்ப்ரெசர் லைன் லீக்கேஜ நான் எடுத்துக்கறேன். ஆறு மாசம் பாருங்க" என்கிற அளவு போதும். புது வேலை பழைய வேலைக்குப் பதிலாக வர வேண்டும், மேலே ஏறக்கூடாது. "ரெண்டையும் பாத்துக்கங்க" என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாமல், எதை விடுவது என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் வந்தால் கசப்போடு சோர்வும் சேரும்.

ஆறு மாதத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளவும். அதற்குள் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவே இல்லை என்றால் வெளியே தேடலாம், ஆனால் ரிங் ஃபிரேம் வேலைக்கு வேண்டாம். யுட்டிலிட்டி, பயிற்சி, மெஷின் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவு மாதிரி இடங்களுக்கு. எழுத்தில் ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமா கொடுக்கக்கூடாது. கொடுக்கும் அன்றே கிராஜுவிட்டி விண்ணப்பத்தையும் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையை விட்ட 30 நாளுக்குள் மில் அந்தப் பணத்தைத் தந்தாக வேண்டும்.