ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஸ்லைடு

கேத்திப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் ஆன்லைன் கூட்டத்தில் ஸ்கிரீன் ஷேர் என் பொறுப்பு. சில மழைக்காலங்களாக இதைச் செய்துவருகிறேன். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, மருந்தடிப்பு என்று பேச்சு போகும். வருகிறவர்களில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் அபூர்வம். மற்றவர்கள் போனைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டோ, அடுப்படி மேடையில் சாய்த்து வைத்தோ பார்க்கிறார்கள். மருந்து டப்பாவில் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் ஸ்லைடில் தமிழோடு ஆங்கிலமும் வந்தாக வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். பவர்பாயின்ட்டில் வழக்கமான 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம், அதாவது ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். செங்குத்தாகப் பிடித்த போனில் அது 7 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. எல்லாமே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நீங்கள் வைத்த 24 பாயின்ட் எழுத்து கைக்குப் போகும்போது 5 பாயின்ட்கூட இல்லை. செய்தித்தாள் எழுத்து 9 பாயின்ட் அளவில் இருக்கும், அதையே கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறோம். அதனால் நான் தமிழுக்கு 40 பாயின்டுக்குக் கீழே இறங்குவதில்லை. போனில் அது 8 பாயின்டுக்குச் சற்று மேலே வரும்.

கூகுள் ஸ்லைட்ஸில் செய்பவர்கள் இந்த 40ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 16:9 ஸ்லைடின் அகலம் 10 அங்குலம்தான், எனவே 30 வைத்தால் போதும். பாயின்ட் எண் ஸ்லைடின் அளவைப் பொறுத்தது. அதைவிட நம்பகமான கணக்கு, ஒரு வரியில் எத்தனை எழுத்து என்பது. தமிழில் 25லிருந்து 28 எழுத்துக்குமேல் போனால், எந்த மென்பொருளானாலும் செங்குத்துப் போனில் சிரமம்தான். வரிக்கு வரி இடைவெளியையும் 1.2 அளவுக்காவது வையுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் ‘மு’, ‘ழு’ போன்றவற்றின் கால் கீழ்வரியின் ‘கி’, ‘தீ’ கொக்கியில் மோதும்.

ஆங்கிலத்தைத் தமிழைவிடச் சற்றுச் சிறிதாக, 34 பாயின்ட் வரை இறக்கலாம். அதன் எழுத்துகளில் வளைவு குறைவு. ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்றவற்றில் உள்ளே சுழி இருக்கிறது, அது அடைத்துக்கொண்டால் எழுத்தே கறையாகிவிடும். இதே காரணத்தால் பத்தி முழுக்க போல்டு வைப்பது உதவாது, மெல்லிய எழுத்துருவும் உதவாது. நோட்டோ சான்ஸ் தமிழில் மீடியம் என்ற கனம் இருக்கிறது. இத்தனை நாளில் நான் மாற்றாமல் வைத்திருப்பது அதுதான்.

இனி சிக்னல். மழை பிடித்தால் பள்ளத்தாக்கின் உள்ளே சிக்னல் இளைத்துவிடும். அப்போது வீடியோ 640×360க்கு இறங்கினால், 24 பாயின்ட் எழுத்தின் மொத்த உயரத்துக்கும் கிடைப்பது 16 பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான் மிஞ்சும், அதையும் வீடியோச் சுருக்கம் தின்றுவிடும். ‘க்’ என்பது ‘க’வாகத் தெரிந்தால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண்ணில் இருக்கும் புள்ளி போனால் யாராலும் ஊகிக்க முடியாது.

இதற்கு ஒரு ஸ்லைடையே உதாரணமாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து பேச வந்தவர் தந்த ஸ்லைடு அது. உருளைக்கிழங்கு இலைக் கருகலுக்கான மருந்து பற்றியது. பச்சைப் பின்னணி, அதில் சிவப்பு எழுத்து, 24 பாயின்ட்:

```
Copper Oxychloride 50% WP - லிட்டருக்கு 2.5 கிராம்
```

கூட்டத்திலேயே ஒரு பெரியவர், “சார், ரெண்டரை கிராமா, இருபத்தஞ்சா?” என்று கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. பத்து மடங்கு மருந்து என்றால் செடி கருகும், காசும் போகும்.

அளவு சிறிது என்பது பாதிக் காரணம்தான். மீதி நிறத்தில் இருக்கிறது. பவர்பாயின்ட் நிறப்பட்டியலின் சிவப்பு `FF0000`, பச்சை `00B050`. பார்க்கப் பளிச்சென்று எதிரெதிராக இருக்கும். ஆனால் ஒளி அளவில் இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.4:1 மட்டுமே. சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல் நெறிகள் கேட்பது குறைந்தது 4.5:1. லேப்டாப்பில் நிற வேறுபாடு இந்தக் குறையை மூடிவிடுகிறது, போனுக்கு வரும் வழியில் அந்த உதவி போய்விடும். வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு அனுப்புகிறார்கள், நிறத்தைப் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கித்தான் அனுப்புகிறார்கள். 640×360 படத்தில் நிறத்துக்கு மிஞ்சுவது 320×180. ஆக, நிறத்தை மட்டும் நம்பி நிற்கிற எழுத்து ஓரம் கரைந்து பரவும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் ஓரிருவர் இருப்பார்கள், அவர்களுக்கு நல்ல சிக்னலிலும் இதே கதி.

சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் கலர் ஃபில்டர் அமைப்பில் கிரேஸ்கேலைத் தேர்ந்தெடுத்து, குறுக்குவழியை அனுமதித்துவிட்டால் `Win+Ctrl+C` அழுத்தியதும் திரை கறுப்பு வெள்ளையாகும். அந்த ஸ்லைடில் எழுத்து அநேகமாகப் பின்னணிக்குள் போய்விட்டது.

அதை இப்படி மாற்றினேன். பின்னணி லேசான வெள்ளை, எழுத்து கறுப்பு. எச்சரிக்கை வரிக்கு மட்டும் அடர்சிவப்பு `C00000`. வெள்ளையில் அது 6.5:1 வரும், பளிச் சிவப்பு 4:1தான். மருந்தின் பெயர் தனி வரியில். அளவை லிட்டர் கணக்கிலிருந்து டேங்க் கணக்குக்கு மாற்றியதும் தசமப் புள்ளிக்கே வேலை இல்லாமல் போயிற்று:

```
Copper Oxychloride 50% WP
10 லிட்டர் டேங்குக்கு
25 கிராம்
```

முதுகில் மாட்டும் டேங்கை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள் என்பதால் இது அவர்களுக்கும் வசதி. புள்ளியைத் தவிர்க்க முடியாத இடத்தில் எண்ணோடு ‘இரண்டரை’ என்று எழுத்திலும் போடுகிறேன்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எனக்குப் பிடித்திருந்தது, இரவில் கண்ணுக்கு இதம். ஆனால் மாலை வெயிலில் வரப்பில் நின்று பார்க்கிறவருக்குக் கறுப்புத் திரை முகம் பார்க்கும் கண்ணாடிதான். அதனால் வெளிர் பின்னணியோடு நின்றுவிட்டேன்.

ஸ்லைடை 4:3க்கு மாற்றியது உண்மையிலேயே பலன் தந்தது. செங்குத்துப் போனில் 16:9 ஸ்லைடு நடுவில் ஒரு பட்டையாகத்தான் நிற்கும், மேலும் கீழும் வெறும் இடம். 4:3 அந்த இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அகலம் 10 அங்குலம் என்பதால் 30 பாயின்டிலேயே பழைய 40 கிடைக்கிறது, ஸ்லைடுக்கு இரண்டு மூன்று வரி கூடுதலாகவும் கொள்கிறது. ஆனால் முழுத் திரையைப் பகிர்ந்தால் இந்த லாபம் போய்விடும், இருபக்கக் கறுப்புப் பட்டையும் சேர்ந்தே போனுக்குப் போகும். ஸ்லைடு ஷோ அமைப்பில் `Browsed by an individual (window)` என்பதைத் தேர்ந்தெடுத்து, சன்னலை ஸ்லைடு அளவுக்கு இழுத்து, அந்தச் சன்னலை மட்டும் பகிர வேண்டும். ஜூமில் `Optimize for video clip` குறியை எடுத்துவிடுங்கள், அது அசையும் படத்துக்கானது.

கூட்டத்துக்குமுன் என் பழைய போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் நானே உள்ளே நுழைந்து பார்ப்பது வழக்கம். ஸ்லைடு மாறியதும் முதலில் மங்கலாக வந்து, அப்புறம் தெளியும். எத்தனை நொடி என்று அதில் தெரிந்துவிடும், பேசுபவரிடம் அவ்வளவு நேரம் பொறுத்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவேன்.

மேட்டுப்பாளையம் மண்டி விலைப் பட்டியல் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. ஏழெட்டுக் கட்டம் உள்ள அட்டவணை எந்த எழுத்தளவிலும் 7 சென்டிமீட்டருக்குள் அடங்காது. அதை ஸ்லைடில் போடுவதையே நிறுத்திவிட்டு, பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே அனுப்புகிறேன். ஸ்லைடில் அன்றைய கேரட் விலை மட்டும் நிற்கும்.