வங்கிச் சாட்பொட்டுக்குத் தமிழ் எழுதி 14 மாதம்

வவுனியாவில் இருக்கும் கூட்டாளி ஒருவன் போன கிழமை கேட்டான்: "மச்சான், வங்கிச் சாட்பொட் மொழிபெயர்ப்பு எனக்கும் வந்திருக்கு, எடுக்கலாமோ?" கிளிநொச்சியில் இருந்தபடி 14 மாதமாக நான் செய்வது அதைத்தான்.

வேலை எக்செல் தாளில் வரும். பொட் சொல்லும் பதில்களை மொழிபெயர்ப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்கக்கூடிய வாக்கியங்களையும், அதாவது ஆள் எதற்காகக் கேட்கிறார் என்று பொட் பிரித்தறியும் வகையான இன்டென்டுக்கான பயிற்சி வாக்கியங்களையும், ஆங்கிலத்தில் தந்து மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். நானும் "எனது கணக்கு மீதி எவ்வளவு?" என்பதை இருபது விதமாக எழுதிக் கொடுத்தேன். வன்னியில் யார் அப்படிக் கேட்கிறார்கள்?

வந்த கேள்வி `kasu vanthutta`. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பொட் "காசு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்கு மீதியைச் சொல்லிவிட்டது. அந்தக் காசோ கணக்குக்கு வரவில்லை; இலக்கத்தைக் காட்டிக் கையில் வாங்கும் வகையில் வந்து கிடந்தது. அவர் பஸ் ஏறிக் கிளைக்கு வந்து சண்டை பிடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவேட்டில் இது வெற்றியான உரையாடல்! "புரியவில்லை" என்ற பதில் குறைந்தால் பொட் நன்றாக வேலை செய்கிறது என்று மேலிடம் நினைக்கிறது. பொட் பிழையான இன்டென்டைப் பிடித்தாலும் அந்த எண்ணிக்கை குறையும். இப்போது நான் பார்ப்பது, பதில் கிடைத்த உடனேயே அதே ஆள் வேறு சொல்லில் திரும்பக் கேட்ட இடங்களை. கோளாறு அங்கேதான் தெரியும்.

பிறகு, வந்த காசுக்கென்று தனி இன்டென்ட் போட்டோம். கவுண்டரில் இருப்பவர்களிடம் கேட்டு, ஆட்கள் உண்மையில் கேட்கும் வாக்கியங்களைச் சேர்த்தேன். "கணக்குக்கா, கையில் வாங்கவா?" என்று பொட் முதலில் கேட்கும்.

புரியாதபோது வரும் பதில்தான் இன்றைக்கும் எரிச்சல். "மன்னிக்கவும், புரியவில்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்." மூன்று தரம் இதையே சொன்னால் அது மரியாதையா? முதல் தரம் "மீதி பார்க்கவா, வந்த காசு பற்றியா?" என்று இரண்டு பொத்தான், இரண்டாம் தரம் நேரே உத்தியோகத்தரிடம். இதற்கு ஒப்புதல் வாங்கவே நான்கு மாதம் போனது. தொனியும் அப்படித்தான்: வணக்கம் சொன்ன பொட் அடுத்த வரியில் "உள்ளிடவும்" என்று அறிவித்தல் பலகையாகிவிடும். "உள்ளிடுங்கள்" என்றே எல்லா இடத்திலும் வர ஒரு பக்கத் தாள் எழுதினேன். எண் அல்ல இலக்கம், இருப்பு அல்ல மீதி என்பதும் அதில் உண்டு. இந்த 14 மாதத்தில் எனக்குப் பிடித்த வேலை அந்தத் தாள்தான்.

போன வாரம் புதிய எக்செல் வந்தது. பழைய மன்னிப்பு வரி திரும்ப அதிலே. கூட்டாளிக்கு எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். சம்பளம் நேரத்துக்கு வரும் என்பதை அவனிடம் சொல்லவில்லை.