விலை மாறிவிட்டது, பக்கம் மாறவில்லை: பழைய கேஷைப் பிடிக்க மூன்று வழிகள்

தள்ளுபடி முடிந்து ஒரு பொருளின் விலை 999-இலிருந்து 1,200 ஆனது. பொருள் பக்கத்தில் இன்னும் 999 நிற்கிறது. கூடையில் போட்டால் 1,200 என்கிறது. கூடை நேராக டேட்டாபேஸைக் கேட்கிறது, பக்கம் முன்பே எடுத்துவைத்த நகலான கேஷைக் கேட்கிறது. நான் டெஸ்டராக இருந்த ஒரு கடைச் செயலியில் இந்தப் புகார் வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தது. எல்லாருக்கும் வராது, எப்போதும் வராது. அதைத் துரத்திய மூன்று முறைகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். விலை, சர்வர் பக்கத்து கேஷான ரெடிஸில் 600 விநாடி இருக்கும். அதற்கு முன்னால், பக்கத்தின் நகலை வாடிக்கையாளருக்கு அருகிலிருந்து தரும் சிடிஎன், பக்கத்தை 300 விநாடி வைத்திருக்கும். விலையை மாற்றும் புரோகிராம் டேட்டாபேஸில் எழுதிவிட்டு ரெடிஸ் சாவியை `DEL` செய்துவிடும். ஆக, மாற்றிய பிறகு பழைய விலை அதிகபட்சம் 300 விநாடிதான் தெரிய வேண்டும், அதாவது 5 நிமிடம். பிரவுசர் இதற்கு மேல் கூட்டாது; சிடிஎன்னில் 120 விநாடி இருந்துவிட்டது என்ற பொருளில் `Age: 120` என்று வந்த பக்கத்தை மீதி 180 விநாடிதான் புதியதாக எடுத்துக்கொள்ளும். இந்த 5 நிமிடம் என்ற எண்ணை முதலில் தாளில் எழுதி வைக்காமல் எந்த டெஸ்டும் தொடங்கக் கூடாது என்பேன். எங்களுக்கு வந்த புகாரில் 12 நிமிடம் கழித்தும் பழைய விலை இருந்தது. கணக்கு உதைத்ததால்தான் இது சிடிஎன் சமாச்சாரம் மட்டுமல்ல என்று சந்தேகம் வந்தது.

பிரவுசரில் கண்ணால் பார்ப்பது

எல்லாரும் முதலில் செய்வது இதுதான், மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். விலையை மாற்றியவர் `Ctrl+Shift+R` அடிக்கிறார், 1,200 வருகிறது, "எனக்குச் சரியாத்தானே வருது" என்கிறார். அந்த அழுத்தம் பிரவுசரின் கேஷை ஒதுக்கிவிட்டு, கோரிக்கையோடு `Cache-Control: no-cache` என்றும் சேர்த்து அனுப்புகிறது. அதை மதிக்கும்படி சிடிஎன்னை அமைத்திருந்தால் அதுவும் ஒதுங்கிக்கொள்ளும். டெவலப்பர் கருவியில் `Disable cache` டிக் போட்டு வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். இன்னொன்று, அவர் லாகின் செய்திருக்கிறார். குக்கி இருந்தால் சிடிஎன்னைத் தாண்டி நேரே சர்வருக்குப் போகட்டும் என்று பல இடங்களில் அமைத்திருப்பார்கள். எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர் பார்க்கும் பாதையை அவர் பார்க்கவே இல்லை.

`curl` வைத்துப் பதிலின் தலைப்புகளைப் படிப்பது

நான் தினமும் செய்வது இது. குக்கி கிடையாது, பிரவுசர் கேஷ் கிடையாது, ஒவ்வொரு பதிலும் தன் வயதைத் தானே சொல்கிறது.

```
curl -sD - -o page.html https://staging.example.com/p/4417
```

```
cache-control: public, max-age=300
age: 212
x-cache: HIT
```

`x-cache` என்ற பெயர் சிடிஎன்னுக்குச் சிடிஎன் மாறும், `age` பொதுவானது. விலையை மாற்றிவிட்டு இதைப் பத்து விநாடிக்கு ஒரு முறை ஓடவிட்டு, நேரம், `age`, பக்கத்திலுள்ள விலை மூன்றையும் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். படிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: `age` ஏறிக்கொண்டே போய், 300-ஐத் தொட்டதும் மறுபடி 0-க்கு விழும் வரி. விழுந்ததும் விலை 1,200 ஆகிவிட்டால், சிடிஎன் தன் நேரம் முடியும்வரை பழையதைக் கொடுத்தது, அவ்வளவுதான். விழுந்த பிறகும் 999 என்றால் சிடிஎன்மேல் பழி போடாதீர்கள். அது இப்போதுதான் சர்வரைக் கேட்டிருக்கிறது, சர்வரே பழையதைத் தந்திருக்கிறது. ஸ்டேஜிங்கில் இப்படி நாற்பது தடவை விலை மாற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்பது சரி, ஒன்றில் 0-க்கு விழுந்தும் 999.

இந்த முறைக்கு இரண்டு குறைகள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சிடிஎன் முனை ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். வேறு ஊரின் முனை வேறு வயதில் இருக்கும். மற்றது, "எங்கே தப்பு" என்று காட்டுமே தவிர "ஏன்" என்று காட்டாது. நாற்பதில் ஒன்றை நம்பி யாரும் புரோகிராமைத் திருத்த மாட்டார்கள்.

நடுவில் நிறுத்தும் தானியங்கி டெஸ்ட்

சர்வருக்குள் நடந்தது இதுதான். ஒரு வாசகர் கோரிக்கை ரெடிஸில் விலை இல்லை என்று டேட்டாபேஸில் 999-ஐப் படிக்கிறது. அதை ரெடிஸில் வைக்கும் முன், நிர்வாகி 1,200 எழுதி `DEL` அடிக்கிறார். அழிக்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு வாசகர் தன் கையிலிருந்த 999-ஐ வைக்கிறார். இனி 600 விநாடிக்கு அது அசையாது. அதன் கடைசியில் சிடிஎன் ஒரு தடவை எடுத்துக்கொண்டால் இன்னும் 300. மொத்தம் 15 நிமிடம். 12 நிமிடப் புகார் இதற்குள் கச்சிதமாக அடங்குகிறது.

இதைத் தற்செயலுக்கு விடாமல் கட்டாயப்படுத்த வேண்டும். டேட்டாபேஸில் 999, ரெடிஸில் சாவி காலி என்ற நிலையில் தொடங்கி, படிப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் டெஸ்டுக்கு மட்டும் ஒரு நிறுத்தம் வைத்தோம்:

```python
r = start(read_price, 4417, pause="before_set")
r.wait_paused()
update_price(4417, 1200)
r.resume(); r.join()
assert read_price(4417) == 1200
```

ஒவ்வொரு தடவையும் 999 வந்து விழுந்தது. அரை விநாடிகூட ஆகவில்லை.

இதற்குப் பதில் பலர் எழுதும் டெஸ்டுகள் வேறு மாதிரி. ஒன்று, கேஷ் ஆயுளை 2 விநாடியாகக் குறைத்துவிட்டு `sleep(3)` போடுவது. பழைய விலை தானே காலாவதியாகி டெஸ்ட் பாஸாகும், பிழை மறைந்துவிடும். இன்னொன்று, போலிக் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது. அது உங்கள் புரோகிராமின் கடிகாரத்தைத்தான் நகர்த்தும், ரெடிஸ் தன் கடிகாரத்தில்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

திருத்தமாக, மாற்றுபவர் அழிப்பதற்குப் பதில் புது விலையையே வைக்கிறார். வாசகர் `NX` போட்டு, சாவி காலியாக இருந்தால் மட்டும் வைக்கிறார். அதே டெஸ்ட் பச்சையானது. ஆனால் முதல் திருத்தத்தில் மாற்றுபவரின் `SET`-இல் 600 விநாடி ஆயுள் தரும் `EX 600` விட்டுப்போயிருந்தது. `TTL price:4417` கேட்டால் `-1`, அதாவது காலாவதியே கிடையாது. விலை சரியாக இருந்ததால் மேலுள்ள டெஸ்ட் இதைப் பிடிக்கவில்லை. `TTL` 0-க்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். இரண்டு நிர்வாகிகள் ஒரே நொடியில் விலை மாற்றினால் `NX` காப்பாற்றாது. அதற்குப் பதிப்பு எண் ஒப்பிட வேண்டும். பேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் மெம்கேஷ் பற்றி வெளியிட்ட கட்டுரையில், படிக்கப் போகும்போதே ஒரு டோக்கன் கொடுத்து, நடுவில் அழிப்பு நடந்தால் அந்த டோக்கனோடு வரும் எழுத்தை மறுப்பது என்ற வழியைச் சொல்கிறார்கள். எங்கள் கடையில் விலை மாற்றுபவர் ஒருவர்தான், அதனால் அந்த அளவுக்குப் போகவில்லை.

எதை எடுப்பது என்று கேட்டால்: பிரவுசரை லாகின் இல்லாத தனி ஜன்னலில், சாதாரண ரீலோடில் மட்டும். புகார் வந்ததும் `curl`. அது சர்வரைக் கைகாட்டினால் நிறுத்தும் டெஸ்ட். தொடக்கத்திலேயே மூன்றாவதைக் கட்டுவது வீண், ஏனென்றால் எந்த இடத்தில் நிறுத்துவது என்றே அப்போது தெரியாது.

புரொஃபைல் பக்கத்தில் இந்த வரிசை மாறும். விலையில் மாற்றியவருக்குச் சரியாகத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. புரொஃபைலில் பேரை மாற்றியவரே உடனே பழையதைப் பார்த்துக் கோபப்படுகிறார், அதுவும் லாகின் செய்த நிலையில். ஆகவே `curl`-க்கு அவருடைய குக்கியைக் கொடுத்தே ஓட்ட வேண்டும். அப்போது பதிலில் `private` அல்லது `no-store` இல்லாமல் `public` என்று வந்தால், பழைய பேர் பிரச்சினையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இன்னொரு கணக்கின் குக்கியோடு அதே முகவரியைக் கேட்டு, ஒருவருடைய பக்கம் மற்றவருக்கும் போகிறதா என்று பாருங்கள்.