விரைவு ஃபார்மட்டும் முழு ஃபார்மட்டும்: சிறு கோப்புகளின் இடத்தைத் தின்பது எது?

விண்டோஸில் ஒரு பென் டிரைவை ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலோரின் கவனம் Quick Format என்ற கட்டத்திலேயே நிற்கிறது. அதற்கு மேலே இருக்கும் Allocation unit size என்ற பட்டியலை யாரும் திறப்பதில்லை. ஆயினும், இரண்டு மூன்று கேபி அளவுள்ள கோப்புகளை இலட்சக்கணக்கில் வைக்கப்போகும் டிரைவுக்கு, இரண்டாவது தேர்வே முக்கியமானது.

விரைவு ஃபார்மட் டிரைவில் புதிய கோப்பு முறைமையின் அட்டவணைகளை மட்டும் எழுதுகிறது. பழைய தரவு அதே இடத்தில் கிடக்க, அதற்கான வழிகாட்டி மட்டும் மறைந்துபோகிறது. முழு ஃபார்மட், விஸ்டா காலத்திலிருந்து, டிரைவின் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்ஜியத்தை எழுதி, பழுதான பகுதிகள் இருந்தால் அவற்றைப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்குகிறது. (எக்ஸ்பியில் அது செக்டர்களைப் படித்துப் பார்த்ததோடு சரி; தரவை அழிக்கவில்லை.) நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி பென் டிரைவுக்கு இந்த வேலை ஏறக்குறைய 50 நிமிடங்கள் பிடிக்கும்.

ஆகவே, பழைய ஹார்ட் டிஸ்க்கின் நலத்தில் ஐயம் இருந்தாலோ, டிஸ்க்கைப் பிறரிடம் கொடுக்கும் முன் உள்ளடக்கத்தை அழிக்க வேண்டியிருந்தாலோ முழு ஃபார்மட் பொருத்தமானது. முடிவில் பழுதான செக்டர்கள் என்று ஒரு தொகை காட்டப்பட்டால், அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. எஸ்எஸ்டியில் முழு ஃபார்மட் செய்வது பெரும்பாலும் வீண் தேய்மானமே. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சிறு கோப்புகள் பிடிக்கும் இடம் ஒரு பைட்டும் மாறாது.

அந்த இடத்தைத் தீர்மானிப்பது கிளஸ்டர். கோப்பு முறைமை இடத்தைப் பைட் பைட்டாக ஒதுக்குவதில்லை. கிளஸ்டர் என்னும் நிலையான அளவுள்ள துண்டுகளாகவே ஒதுக்குகிறது. Allocation unit size பட்டியலில் தேர்வது இந்தத் துண்டின் அளவைத்தான். ஒரு கோப்பின் கடைசித் துண்டு நிரம்பாவிட்டாலும் மிச்சத்தை வேறு கோப்புக்குக் கொடுக்க முடியாது. நான்கு பேர் படுக்கும் அறையைத் தனியாளுக்குக் கொடுத்தபின் மற்ற மூன்று கட்டில்களும் காலியாகவே கிடப்பதைப்போல.

64 ஜிபி பென் டிரைவை exFAT முறையில் ஃபார்மட் செய்வதாகக் கொள்வோம். 32 ஜிபியைத் தாண்டிய டிரைவுகளுக்கு விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் அளவு 128 கேபி. அதில் தலா 3 கேபி அளவுள்ள 2,00,000 கோப்புகளை வைத்தால், உண்மையான தரவு 586 எம்பிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு கிளஸ்டரைப் பிடிப்பதால் டிரைவில் 24.4 ஜிபி போய்விடும். கிளஸ்டரை 4 கேபியாக வைத்தால் அதே கோப்புகள் 781 எம்பியில் அடங்கிவிடும். exFAT-இல் கோப்புறை ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு கிளஸ்டரை எடுத்துக்கொள்ளும் என்பதால், பல அடுக்குக் கோப்புறைகள் இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

சிறிய கிளஸ்டருக்கும் ஒரு விலை உண்டு. 4 கேபி கிளஸ்டரில் அதே டிரைவுக்கு ஏறத்தாழ 1.56 கோடி கிளஸ்டர்கள் வருவதால், ஒதுக்கீட்டு அட்டவணை மட்டும் 60 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். 128 கேபியில் அது 2 எம்பி அளவில் நின்றுவிடும். முன்பு மிச்சமான 23 ஜிபிக்கு முன்னால் இது பொருட்டே அல்ல. திரைப்படங்களை மட்டும் வைக்கும் டிரைவுக்கோ பெரிய கிளஸ்டரால் இழப்பு ஏதுமில்லை. அங்கே அதுவே பொருத்தம்.

NTFS முறையில் கணக்கு சற்று வேறு. 16 டிபி வரையிலான டிரைவுகளுக்கு இயல்பான கிளஸ்டர் 4 கேபிதான். அத்துடன் ஒவ்வொரு கோப்புக்கும் MFT என்னும் பதிவேட்டில் வழக்கமாக 1 கேபி பதிவு ஒன்று உண்டு. ஏறத்தாழ 700 பைட்டுக்கும் குறைந்த கோப்புகள் அந்தப் பதிவுக்குள்ளேயே தங்கிவிடும், தனி கிளஸ்டர் கேட்பதில்லை. ஆகவே விண்டோஸ் கணினிகளுக்கு இடையே மட்டும் சுற்றும் டிரைவுக்கு நான் NTFS-ஐயே தேர்வேன். மேக் கணினியில் எழுத வேண்டியிருந்தால் அது உதவாது. அப்போது 4 கேபி கிளஸ்டருடன் exFAT:

```
format E: /FS:exFAT /A:4096 /Q
```

/Q-வை விட்டுவிட்டால் இதே கட்டளை முழு ஃபார்மட்டாகிவிடும். E: என்பது எந்த டிரைவின் எழுத்து என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள டிரைவைச் சோதிக்க, கோப்புறையின் Properties-இல் Size, Size on disk என்னும் இரு எண்களையும் ஒப்பிட்டால் போதும். இரண்டாவது பல மடங்கு பெரிதாக இருந்தால் கிளஸ்டர் அளவு பொருந்தவில்லை. `chkdsk E:` தரும் அறிக்கையில் "bytes in each allocation unit" என்பதன் முன் 131072 என்றிருந்தால் அது 128 கேபி. விண்டோஸ் ஃபார்மட் வசதியில் கோப்புகளை வைத்துக்கொண்டே இந்த அளவை மாற்ற இயலாது. எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு மீண்டும் ஃபார்மட் செய்ய வேண்டும், அதற்கு விரைவு ஃபார்மட்டே போதும்.