தமிழ்வழியிலிருந்து பொறியியல் தேர்வுக்கு: இருமொழிச் சொற்பட்டியலுடன் ஓராண்டு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த என் தங்கை பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, இருவரும் சேர்ந்து ஓர் இருமொழிச் சொற்பட்டியலைத் தொடங்கினோம். முதலாண்டின் இரண்டு பருவத் தேர்வுகளுக்கும் அவள் அதை வைத்தே படித்தாள். மேல்நிலை இயற்பியல் பாடநூலில் அவளுக்கு ஏற்கெனவே பழகியிருந்த உந்தம், முடுக்கம், தகைவு, திரிபு போன்ற சொற்களிலிருந்து தொடங்கியதால், அவற்றின் ஆங்கில இணைகள் விரைவில் மனத்தில் பதிந்தன.

தடை வேறிடத்தில் இருந்தது. எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வினாக்களில் வரும் சாதாரண ஆங்கிலச் சொற்கள்தாம் விடையையே மாற்றிவிடுகின்றன. 100 நியூட்டன் எடையுள்ள ஒரு கட்டை 30 பாகை சாய்தளத்தில் இருக்கிறது, உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். எடையின் சாய்வுத் திசைக் கூறு 50 நியூட்டன். தளத்தின் செங்குத்து எதிர்விசை 86.6 என்பதால் பெரும உராய்வு ஏறத்தாழ 17.3 நியூட்டன். தளத்துக்கு இணையாக மேல்நோக்கித் தர வேண்டிய விசை எவ்வளவு என்ற கேள்வியில், கட்டை கீழே நழுவுவதை ‘ஜஸ்ட் பிரிவென்ட்’ செய்ய என்றிருந்தால், உராய்வும் நமக்குத் துணையாக மேல்நோக்கிச் செயல்படும், விடை 32.7 நியூட்டன். கட்டை மேலே ‘ஜஸ்ட் ஸ்டார்ட்’ ஆக என்றிருந்தால், உராய்வு கீழ்நோக்கித் திரும்பும், விடை 67.3 நியூட்டன்.

ஆகவே இத்தகைய சொற்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, பொருளுக்குப் பதிலாக அச்சொல்லைக் கண்டவுடன் செய்ய வேண்டியதை எழுதினோம். ‘ஸ்மூத்’ என்றால் உராய்வைச் சேர்க்காதே; ‘ரஃப்’ என்றால் சேர்; ‘ஜஸ்ட்’ அல்லது ‘இம்பெண்டிங்’ என்றால் உராய்வுக்கு அதன் பெரும மதிப்பான F = μN ஐ எடு. என் மதிப்பீட்டில் முழுப் பட்டியலிலும் மிகுந்த பயன் தந்தது இப்பகுதியே. ஒரு சொல்லை அவள் உண்மையில் அறிந்திருக்கிறாளா என்பதை, பழைய வினாத்தாளைப் பார்த்தவுடன், கணக்கிடத் தொடங்கும் முன்பே, விசைப்படத்தில் உராய்வின் அம்புக்குறியைச் சரியான திசையில் வரைகிறாளா என்று பார்த்து முடிவுசெய்தோம்.

கலைச்சொற்களுக்கு அலகு என்றொரு பத்தியைச் சேர்த்ததும் தேவையாகவே இருந்தது. பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன் நிறையைச் சார்ந்தது. அதன் அலகு kg m². கல்லூரியில் அதே ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்ற பெயரில் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்த வேறோர் அளவும் வருகிறது. அதன் அலகு mm⁴. பெயர் ஒன்றாக இருக்கும்போது, வினா எதைக் கேட்கிறது என்பதை அலகு காட்டிக்கொடுக்கும்.

ஆங்கிலத்தில் தொடர்ச்சியாக விடை எழுதும் பயிற்சியை இப்பட்டியல் தராது. அதற்கு நேரம் குறித்து எழுதிப் பார்ப்பதே வழி. பள்ளியில் தமிழில் படித்திராத கருத்துகளுக்கு நாங்களாகச் சொல் உருவாக்கவில்லை. பட்டியலில் தமிழ்ச் சொல்லுக்கான கட்டத்தில் ஒரு சிறு படமும் தமிழில் இரண்டு வரி விளக்கமும் மட்டும் எழுதினோம். இரண்டாம் பருவத்தில் சேர்ந்த பதிவுகளுள் பெரும்பாலானவை அவ்வாறானவையே.