மேலே ‘தாட்ஸ்?’, கீழே ஒன்பது மெயில்: எப்படிப் பதில் போடுவது?

கப்பலூரில் ரப்பர் கேஸ்கட் செய்யும் ஒரு யூனிட்டில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9.40-க்கு முதலாளியிடமிருந்து மெயில். மேலே ‘தாட்ஸ்?’ என்று ஒரே ஒரு சொல். அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒன்பது மெயில்கள். புனேயில் இருக்கும் வாடிக்கையாளரும் எங்கள் சேல்ஸ் அண்ணனும் நாலு நாளாக எழுதிக்கொண்டது அத்தனையும் அதில் இருந்தது.

விஷயம் இதுதான். நாங்கள் அனுப்பிய 4,000 கேஸ்கட்டும் கடினமாக இருக்கிறதாம். டிராயிங்கில் கடினம் 70 ஷோர் ஏ, கூடக்குறைய 5. அவர்கள் அளந்தால் 78 காட்டுகிறது.

இதில் முதலாளி என்னிடம் என்ன கேட்கிறார்? அவர்கள் சொல்வது உண்மையா என்றா, லாட்டை மாற்றிக் கொடுக்கலாமா என்றா, என்ன பதில் எழுதுவது என்றா? சும்மா எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுகூட அனுப்பியிருக்கலாம். இந்த நிலையில் நமக்கு நாலு வழி இருக்கிறது. நாலையும் நான் வெவ்வேறு சமயங்களில் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் செய்தேன். காம்பவுண்ட் கலவை, க்யூர் நேரம், அளவுக் கருவியின் சான்றிதழ் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டு, “ஏம்ப்பா, குடுக்கலாமா வேணாமான்னுதானே கேட்டேன், அது எங்க இருக்கு?” என்றார். அது பன்னிரண்டாவது வரியில் இருந்தது. போனில் படிப்பவருக்கு அந்த வரி கண்ணிலேயே படவில்லை. எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து பதிலைத் தேடி எடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

இரண்டாவது, ‘எதைப் பற்றி சார் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பி எழுதுவது. நேர்மையான கேள்விதான். ஆனால் ஒரு சொல்லோடு மெயிலைத் தள்ளிவிடுகிறவர் பெரும்பாலும் வண்டியிலோ, இன்னொரு மீட்டிங்கிலோ இருப்பார். பதில் வர அரை நாள் ஆகும், அதுவும் ‘இந்த புனே மேட்டர்தான்’ என்று வரும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம்.

மூன்றாவது, போன். ஆள் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் போன்தான் சரி. யார் மேல் தப்பு, யாருக்கு வருத்தம், எவ்வளவு விலை குறைக்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் வரவே கூடாது. ஆனால் நம்பரும் தேதியும் உள்ள விஷயத்தைப் போனில் பேசி முடித்தால், அவர் அதையே இன்னொருவருக்குச் சொல்லும்போது 75 என்பது 78 ஆகிவிடும்.

நாலாவது, கேள்வி என்ன என்பதை நாமே கண்டுபிடித்து, ‘இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் பதிலைச் சொல்வது. நான் இப்போது இந்த வழிக்குத்தான் வந்து நிற்கிறேன். ஊகம் தப்பாகப் போனாலும் முதல் வரியைப் படித்த உடனே அவருக்குத் தெரிந்துவிடும், ‘இல்லப்பா, நான் கேட்டது வேற’ என்று சொல்லிவிடுவார். இரண்டாவது வழியில் அரை நாள் காத்திருந்து கிடைப்பது இதில் அரை நிமிடத்தில் கிடைக்கிறது.

இந்த ஊகத்தைக் குருட்டாம்போக்கில் செய்யக் கூடாது. மெயில் சங்கிலியை அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது இரண்டைத் தேடுகிறேன்: நடுவில் யார் புதிதாகச் சேர்ந்தார்கள், கடைசியாக எந்தக் கேள்வி பதில் இல்லாமல் கிடக்கிறது.

புனே மெயிலில் முதல் நாலும் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் எங்கள் சேல்ஸ் அண்ணனோடு பேசியது. அதில் கடினம், அளவு, போட்டோ என்ற பேச்சுதான். ஐந்தாவதில் அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர் Cc-யில் வருகிறார். அங்கே பேச்சு ரப்பரிலிருந்து தேதிக்கு மாறிவிடுகிறது. எட்டாவதில் அவரே எழுதுகிறார்: மாற்று லாட் 18-ம் தேதிக்குள் வருமா? ஒன்பதாவதில் சேல்ஸ் அண்ணன், ‘முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று முடித்து, அவரை Cc-யில் போட்டிருக்கிறார். அது வந்து இருபது நிமிடத்தில் எனக்கு அந்தத் ‘தாட்ஸ்?’. அப்படியானால் ரப்பர் ஏன் கடினமானது என்பது கேள்வி இல்லை. மாற்றிக் கொடுக்கச் சம்மதிப்பதா வேண்டாமா, இதுதான் கேள்வி.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு மெயிலுக்கு ரிப்ளை போடும்போது அதில் இணைத்த ஃபைல் கூட வராது. அதனால் அடியில் இருக்கும் முதல் மெயிலில் ‘போட்டோ இணைத்திருக்கிறேன்’ என்று இருந்தாலும், ஒன்பதாவதை ஃபார்வர்டு செய்யும்போது அந்தப் போட்டோ நம்மிடம் வந்து சேராது. முதலாளியும் அதைப் பார்த்திருக்க மாட்டார். சேல்ஸ் அண்ணனிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கினேன். அதில்தான் விஷயமே இருந்தது. இரும்பு மேஜை மேல் ஒற்றை கேஸ்கட், அதன் மேல் ஊசியை அழுத்திக் கடினம் அளக்கும் டியூரோமீட்டர்.

எங்கள் கேஸ்கட்டின் தடிமன் 2 மில்லிமீட்டர். ஷோர் ஏ அளக்க ஏஎஸ்டிஎம் டி2240 முறைப்படி குறைந்தது 6 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அதைவிட மெல்லியதில் அழுத்தினால் ஊசி அடியில் இருக்கும் மேஜையையும் சேர்த்து உணர்ந்துவிடும், கடினம் கூடுதலாகக் காட்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குப் போய், அதே பேட்ச்சில் எடுத்து வைத்திருந்த சாம்பிளை எடுத்தேன். ஒற்றையாக வைத்தால் 78, மூன்றை அடுக்கி வைத்தால் 72. அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும் என்பதால் அடுக்கி அளப்பதும் முழுத் துல்லியம் கிடையாது. ஆனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அது போதும். 9.15-க்கு இப்படி எழுதினேன்:

“சார், மாற்று லாட்டுக்கு 18-ம் தேதி என்று ஒப்புக்கொள்வதா என்று கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். மெல்லிய துண்டை ஒற்றையாக அளந்ததால்தான் 78 வருகிறது. நம் சாம்பிளிலும் ஒற்றையாக 78, மூன்றை அடுக்கினால் 72. அவர்களையும் அடுக்கி ஒருமுறை அளக்கச் சொல்லலாம். அதிலும் 75-ஐத் தாண்டினால் மாற்றிக் கொடுப்போம். மோல்டிங்குக்கு நாலு நாள், பார்சலுக்கு மூன்று நாள் ஆகும், ஆகவே திங்கள் மதியத்துக்குள் அவர்கள் அளவு வர வேண்டும். உங்களுக்கு வேண்டியது அவர்களுக்கான பதில் வாசகம் என்றால், கீழே எழுதி வைத்திருக்கிறேன்.”

முதலில் எழுதிய வரைவில் ‘அவர்களுக்கு அளக்கத் தெரியவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. உள்ளுக்குள் போகிற மெயில்தானே என்ற தைரியம். அனுப்பும் முன் எடுத்துவிட்டேன். ஒரு சொல்லோடு ஃபார்வர்டு செய்கிறவர் நம் பதிலையும் அப்படித்தான் ஃபார்வர்டு செய்வார்.

பத்து மணிக்குப் பதில் வந்தது: ‘ஓகே’. Cc-யில் என் பெயர் இருந்த இன்னொரு மெயிலும் கூடவே வந்தது. நான் எழுதிக் கொடுத்த வாசகத்தை அவர் அப்படியே மேலே ஒட்டிப் புனேக்கு அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே நான் அவருக்கு எழுதிய மெயில் ஒரு வரி குறையாமல் இருந்தது.