மார்க் ஷீட் போட்டோவை வரிசையாக்க எது நல்லது: கைத் தட்டச்சா, லென்ஸா, எக்செல் கேமராவா?

திருவையாறு பக்கத்தில் எங்கள் ஊரில் படிப்பு உதவித்தொகை கொடுக்கும் சின்னக் குழு ஒன்று இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் மார்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைப் பாடம் ஒரு பத்தி, மதிப்பெண் ஒரு பத்தி என்று வரிசையாக்கி, கடைசியில் மொத்தத்தையும் எழுதி வைப்பது என் வேலை. மொத்தம் தாளில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கூட்டிப் பார்த்து அது தப்பாக இருந்தாலும் நாங்கள் திருத்த மாட்டோம்.

இதற்கு மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். போட்டோவைப் பார்த்துக் கையால் தட்டுவது, கூகுள் லென்ஸில் எழுத்தை எடுத்து ஒட்டுவது, கைபேசி எக்செல்லில் இருக்கும் `Data From Picture` வசதியால் அட்டவணையாகவே இழுப்பது. மூன்றையும் ஒரே தாளை வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். போன தடவை வந்த ஒரு பத்தாம் வகுப்புத் தாளை எடுத்துக்கொள்கிறேன். பள்ளியே கணினியில் அடித்துக் கொடுத்தது. பாடப் பெயர்கள் தமிழில். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அதிகபட்சம் 100, குறைந்தபட்சம் 35, பெற்ற மதிப்பெண் என்று மூன்று எண்கள்.

அதில் பெற்ற மதிப்பெண்களும் மொத்தமும் இவை:

```
தமிழ்              78
ஆங்கிலம்          61
கணிதம்            49
அறிவியல்          83
சமூக அறிவியல்    72
மொத்தம்           334
```

முதலில் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. கஜா புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கையில் கிடைக்கும் தாளையெல்லாம் லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். நனைந்து போன சான்றிதழைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது, அதில் தப்பும் இல்லை. ஆனால் லேமினேஷன் தாளின் மேல் வெளிச்சம் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். அந்தத் திட்டு எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அந்த எண் பாதியாகத்தான் தெரியும். இந்தத் தாளில் அது கணித வரியில் விழுந்திருந்தது. பிளாஷ் போடாமல், திண்ணை நிழலில் தாளைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் திட்டு விலகிவிடும். வாட்ஸ்அப்பிலும் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். சின்ன எண்களின் ஓரம் அதில்தான் கலங்கும்.

எக்செல் வழியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அது அட்டவணையின் கட்டங்களை அடையாளம் கண்டு, நெடுவரிசை மாறாமல் கொண்டுவருகிறது. சந்தேகமான கட்டங்களை உள்ளே போடுவதற்கு முன் தனியாகக் காட்டி, சரிபார்க்கவும் சொல்கிறது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஆங்கிலம் போல லத்தீன் எழுத்தில் எழுதும் மொழிகளுக்காகச் செய்தது. எங்கள் தாளின் 'சமூக அறிவியல்' அதற்குப் பிடிபடாது. எண்கள் ஒழுங்காக வந்தாலும் பாடப் பெயரை நாமே தட்ட வேண்டியதுதான். ஐந்தே வரி உள்ள தாளுக்கு இது வேண்டாத வேலை. ஒரு வகுப்பு முழுவதற்கும் ஆங்கிலத்தில் அடித்த, நாற்பது வரி கொண்ட தொகுப்புப் பட்டியல் வந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

லென்ஸ் தமிழைப் படிக்கும், நன்றாகவே படிக்கும். அதன் சிக்கல் வேறு இடத்தில். எழுத்தை எடுத்து ஒட்டினால் வரிவரியாக வராமல், பாடப் பெயர்கள் எல்லாம் மேலே ஒரு கூட்டமாகவும் எண்கள் எல்லாம் கீழே ஒரு கூட்டமாகவும் விழுவது உண்டு. 100, 35, 78, 100, 35, 61 என்று வரும் எண்களில் எது மதிப்பெண், எது குறைந்தபட்சம் என்று நாம்தான் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பில் ஒரு எண் தவறினால் அறிவியல் மார்க் கணிதத்துக்குப் போய்விடும். இது கூட்டலில் சிக்காத தப்பு. ஐந்து எண்களை எந்த வரிசையில் போட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே. அதனால் லென்ஸில் எடுத்தால் மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு வரியையும் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் நேரத்தில் ஐந்து வரியைக் கையாலேயே தட்டிவிடலாம்.

இந்தத் தாளை நானும் எனக்கு உதவும் தம்பியும் தனித்தனியாகச் செய்தோம். அவன் லென்ஸில் எடுத்தான், நான் கையால் தட்டினேன். அவன் எண்களைக் கூட்டிவிட்டு, "அண்ணே, சரியா 334 வருது. தாள்லயும் 334. முடிஞ்சுது" என்றான். எனக்கு 343 வந்தது.

ஒருவருக்கு ஒத்துப்போகிறது, ஒருவருக்கு ஒன்பது கூடுகிறது. பார்த்த மாத்திரத்தில் நான்தான் தப்பு என்று தோன்றும். எங்கள் குழுவில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டியதும், "வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா, ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கான்னு மொதல்ல பாரு" என்றார்.

அதற்குக் காரணம் சாதாரணக் கணக்குதான். 43 என்பது 34 ஆனால் வித்தியாசம் 9. 61 என்பது 16 ஆனால் 45. பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். ஆகவே நான் தட்டிய ஐந்து மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். 61, 49, 83, 72 நான்கிலும் இலக்கங்களுக்கு நடுவே ஐந்து வித்தியாசம். அவற்றைத் திருப்பினால் 45 மாறும், 9 மாறாது. 78 மட்டும் திருப்பினால் 9 மாறும், ஆனால் 87 ஆகிக் கூட்டுத்தொகை இன்னும் ஏறும், இறங்காது. ஆக, என் வரிசையில் இடம் மாறிய எண் எதுவும் இல்லை. அப்படியானால் 343 என்ற மொத்தத்தைத் தட்டும்போது பள்ளியிலேயே 334 என்று மாறியிருக்கலாம்.

ஆனால் ஒன்பது வேறு வழியிலும் வரும். 9 என்ற எண்ணை 0 என்று படித்தாலும் வித்தியாசம் ஒன்பதுதான். தம்பியின் வரிசையைப் பார்த்தால் கணிதத்தில் 40 இருந்தது. வெள்ளைத் திட்டு 49-இன் வாலை மறைத்ததில் லென்ஸ் அதைப் பூஜ்யமாகப் படித்துவிட்டது. பள்ளி செய்த பிழையும் லென்ஸின் பிழையும் சரியாக ஒன்பது ஒன்பதாக அமைந்து, இரண்டும் சேர்ந்து ஒத்துப்போகும் கணக்கைக் காட்டியிருக்கின்றன. பிள்ளைக்குக் கணிதத்தில் ஒன்பது மார்க் போயே போயிருக்கும்.

தாளை அனுப்பிய பெண்ணிடம் திண்ணை நிழலில் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். 49 பளிச்சென்று தெரிந்தது.

அச்சு மொத்தத்தை நாங்கள் தொடாததற்குக் காரணம் இதுதான். மொத்தக் கட்டத்தில் கூட்டல் சூத்திரம் போட்டிருந்தால் என் வரிசையில் 343, தம்பியின் வரிசையில் 334 என்று இரண்டுமே தமக்குத் தாமே சரியாக நின்றிருக்கும். தாளில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியே இருந்திருக்காது. அதற்கு மாறாக, மொத்தம் ஒத்துவர வேண்டும் என்று மதிப்பெண்ணை இழுத்துப் பிடிப்பது இன்னும் மோசம். நான் 334-ஐ நம்பி என் 49-ஐச் சந்தேகித்துத் திருத்தியிருந்தால் அதே தப்பில் போய் விழுந்திருப்பேன்.

கையால் தட்டுவதே என் தேர்வு. ஆனால் தனியாக இல்லை, இரண்டு பேராக. ஒருவர் திரையில் தட்டியதை வாசிக்க வேண்டும், மற்றவர் போட்டோவில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டியவரே போட்டோவைப் பார்த்து வாசித்தால், மனதில் பதிந்ததைத்தான் திரும்பச் சொல்வார். "கணிதம், நாலு ஒன்பது" என்று இலக்கம் இலக்கமாக, பாடப் பெயரோடு சேர்த்து வாசிப்பது நல்லது. எழுபத்தேழா எழுபத்தெட்டா என்ற குழப்பம் வராது, வரி நழுவினாலும் உடனே தெரியும்.

அரசுப் பொதுத்தேர்வுச் சான்றிதழ் என்றால் வேலை இன்னும் எளிது. அதில் மதிப்பெண் எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். எண் கலங்கினால் எழுத்தைப் பார்க்கலாம். பழைய பிளஸ் டூ சான்றிதழ் வந்தால் மொத்தத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 2018 மார்ச் வரை மொத்தம் 1200-க்கு, 2019 மார்ச் முதல் 600-க்கு. அதையும் நாங்கள் மாற்றிக் கணக்கிட்டு எழுதுவதில்லை.

தாள் எந்த வழியில் வந்தாலும் கூகுள் ஷீட்ஸில் ஒட்டுவதற்கு முன் மதிப்பெண் பத்தியை `Format` → `Number` → `Plain text` என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 049 என்பது 49 ஆகிவிடும். செய்முறைத் தேர்வில் 8/10 என்று இருந்தால் அது தேதியாகவே மாறிவிடும். ஒட்டும்போது `Ctrl+Shift+V` போட்டால் நீங்கள் வைத்த அமைப்பு கலையாது. இப்படி எழுத்தாக வைத்தால் சாதாரண `SUM` அந்த எண்களைக் கூட்டாமல் 0 காட்டும். ஆகவே பக்கத்துப் பத்தியில், அது எழுத்தாக வைக்காத பத்தியாக இருக்க வேண்டும், சரிபார்ப்புக்கென்று இதைப் போடுகிறோம்:

```
=ARRAYFORMULA(SUM(IFERROR(VALUE(REGEXREPLACE(B2:B6,"/.*","")),0)))
```

தேர்வுக்கு வராத பாடத்தில் AB என்று இருந்தால் அதைத் தாண்டிவிட்டு மற்றதைக் கூட்டும். 8/10 என்று இருந்தால் 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். B7-இல் அச்சு மொத்தம், C7-இல் இந்தக் கூட்டல். இரண்டும் வேறுபட்டால் D7-இல் ஒரு வரிக் குறிப்பு எழுதுவோம்.

இந்தப் பெண்ணின் வரிசையில் B7-இல் 334, C7-இல் 343, D7-இல் 'கணிதம் 49 இரண்டாம் போட்டோவில் உறுதி. மொத்தம் பள்ளியில் கேட்க' என்று இருந்தது. அவளுடைய அப்பா தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். வகுப்பாசிரியர் மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து, 49 சரி, மொத்தம்தான் தட்டும்போது மாறிவிட்டது என்று சொல்லிப் புதுத் தாள் கொடுத்தார். அந்தத் தாளின் போட்டோவை அடுத்த வரிசையில் ஏற்றினோம், 343 என்று. பழைய வரிசை 334-ஓடு அதற்கு மேலே அப்படியே இருக்கிறது.